மூணு வருஷம் கிளெய்ம் இல்ல, 35% தள்ளுபடி, ஆனாலும் கார் பிரீமியம் ஏறிருச்சே?

கேள்வி: கார் வாங்கி மூணு வருஷம் முடியுது, ஒரு கிளெய்ம் கூட போடல. ரினியூவல் கோட்டேஷன்ல நோ கிளெய்ம் போனஸ் 35%னு போட்டிருக்கு, ஆனா போன வருஷத்தை விட மூவாயிரம் ரூபாய்க்கு மேல கூட வருது. ஆட்-ஆன், ஜிஎஸ்டி எல்லாம் சரியா போட்டிருக்காங்களான்னு எப்படி செக் பண்றது?

பதில்:

நான் ஒரு கார் ஷோரூம்ல இன்சூரன்ஸ் டெஸ்க்ல வேலை பாக்குறேன், மூணு வருஷம் முடிஞ்ச வண்டிக்காரங்க முக்கால்வாசி பேரு இதே கேள்வியோடதான் வருவாங்க, அதுலயும் பாதி பேரு "ஏமாத்துறீங்களா சார்"ங்கிற முகத்தோட வருவாங்க. உங்க கோட்டேஷன்ல தப்பே இல்லாம கூட இப்படி ஏறலாம், முதல்ல அதை சொல்லிடறேன், அப்புறம் எங்கெங்க தப்பு வரும்னு பாப்போம்.

2018 செப்டம்பர்ல இருந்து புது கார் வாங்கினா தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸை, அதான் உங்க வண்டியால அடுத்தவங்களுக்கு ஆகுற சேதத்துக்கான கவரை, மூணு வருஷத்துக்கு சேர்த்து எடுத்தே ஆகணும் (சுப்ரீம் கோர்ட் உத்தரவு, பைக்குக்கு அஞ்சு வருஷம்). அதனால நீங்க வண்டி வாங்கின அன்னைக்கே மூணு வருஷ தேர்ட் பார்ட்டி காசை கட்டிட்டீங்க, ஆன்-ரோடு விலைக்குள்ள கலந்து போனதால அது யாருக்குமே ஞாபகம் இருக்காது. நடுவுல ரெண்டு தடவை ரினியூ பண்ணீங்களே, அது வெறும் ஓன் டேமேஜ் பாலிசி, நாங்க ஓடின்னு சொல்லுவோம், உங்க வண்டிக்கு ஆகுற சேதத்துக்கு மட்டும். இப்ப மூணு வருஷம் முடிஞ்சதும் தேர்ட் பார்ட்டி திரும்ப வந்து உக்காருது. அந்த ரேட் கம்பெனி வைக்கிறது இல்ல, அரசாங்கம் அறிவிக்கிறது. 2022 ஜூன் அறிவிப்புப்படி 1000 சிசி வரைக்கும் 2,094 ரூபா, 1000 முதல் 1500 சிசிக்கு 3,416, அதுக்கு மேல 7,897. எந்த கம்பெனிக்கு போனாலும் இதேதான், இதுல பேரம் பேச ஒண்ணும் இல்ல, முக்கியமா நோ கிளெய்ம் போனஸ் இதை தொடவே தொடாது.

இப்ப ஒரு கணக்கு போட்டு பாப்போம். 1200 சிசி பெட்ரோல் ஹேட்ச்பேக், உங்களை மாதிரியே மூணு வருஷம். கம்பெனி தன்னோட ஓடி டிஸ்கவுண்ட் எல்லாம் கழிச்சு ஓடி பிரீமியம் 6,000 ரூபான்னு வச்சுக்கோங்க. அதுல நோ கிளெய்ம் போனஸ், நாங்க என்சிபின்னு சொல்லுவோம், 35%, அதாவது 2,100 போயி மிச்சம் 3,900. அதுக்கு மேல ஆட்-ஆன், பார்ட்ஸ் தேய்மானத்தை கழிக்காம கிளெய்ம் தர்ற ஜீரோ டெப் 1,800, இன்ஜின் ப்ரொடெக்ட் 500, ரோட்சைட் அசிஸ்டன்ஸ் 100, ஆக 2,400. ஓடி பக்கம் மொத்தம் 6,300. இந்தப் பக்கம் தேர்ட் பார்ட்டி 3,416, ஓனர் டிரைவர் விபத்து காப்பீடு ஒரு 330. ரெண்டு பக்கமும் கூட்டினா 10,046, அதுக்கு 18% ஜிஎஸ்டி 1,808, கட்ட வேண்டியது 11,854.

போன வருஷம் இதே வண்டிக்கு என்ன வந்திருக்கும்? ஓடி 6,600, என்சிபி 25% போயி 4,950, ஆட்-ஆன் 2,200, ஜிஎஸ்டியோட 8,437. பாத்தா 3,417 ரூபா ஏறிருக்கு, வயித்தெரிச்சல்தான். ஆனா இந்த வருஷ பில்லுல இருந்து தேர்ட் பார்ட்டியையும் ஓனர் டிரைவர் கவரையும் அதுங்களோட ஜிஎஸ்டியோட சேர்த்து எடுத்துட்டா வர்றது 7,434. அதாவது ஓடி பக்கம் ஆயிரம் ரூபா குறைஞ்சுதான் இருக்கு, உங்க 35% வேலை செஞ்சிருக்கு, தேர்ட் பார்ட்டி வந்து அதை முழுங்கிடுச்சு, அவ்ளோதான். ஓடி தனியா, தேர்ட் பார்ட்டி தனியா போன வருஷ பேப்பரோட ஒப்பிடணும், கடைசி தொகையை மட்டும் ஒப்பிட்டா எதுவுமே புரியாது.

சரி, தப்பு எங்க ஒளிஞ்சிருக்கும்னு பாப்போம்.

என்சிபியை செக் பண்றது ஈஸி, போனஸா கழிச்ச ரூபாயை அதுக்கு முந்தின வரில இருக்கிற ஓடி தொகையால வகுங்க. 2,100 வகுத்தல் 6,000, 0.35 வருது, சரி. நிறைய பேரு மொத்தம் 10,000ல 35% எங்கன்னு தேடுவாங்க, அங்க கிடைக்காது. ஆட்-ஆன் தொகைக்கும் போனஸ் உண்டான்னா அது கம்பெனிக்கு கம்பெனி மாறும், பெரும்பாலும் போனஸ் கழிச்ச பிறகுதான் ஆட்-ஆனை கூட்டுவாங்க, சில கம்பெனில ஜீரோ டெப்பையும் சேர்த்து கழிக்கிறாங்க, அதனால வகுத்துப் பாக்கும்போது 0.35 வரலைன்னா உடனே சண்டைக்குப் போகாம ஆட்-ஆனை சேர்த்து ஒரு தடவை வகுத்துப் பாருங்க.

ஆனா சதவீதம் சரியா இருந்தும் நஷ்டம் வரலாம், இதைத்தான் யாரும் கவனிக்க மாட்டேங்குறாங்க. போனஸ் கழிக்கிறதுக்கு முன்னாடி கம்பெனி தானா குடுக்கிற ஓடி டிஸ்கவுண்ட்னு ஒண்ணு இருக்கு, போன வருஷம் 60% குடுத்தவன் இந்த வருஷம் 45% குடுத்தா அடிப்படைத் தொகையே உப்பிடும், அதுல 35% கழிச்சாலும் பிரயோஜனம் இல்ல. இது சட்டப்படி தப்பு கிடையாது, அவங்க இஷ்டம், ஆனா கேட்டா குறையும், ஏஜென்ட்கிட்ட "ஓடி டிஸ்கவுண்ட் எவ்ளோ போட்டிருக்கீங்க"ன்னு ஒரே ஒரு வார்த்தை கேளுங்க, இவருக்கு விஷயம் தெரியும்னு அவருக்கே புரிஞ்சிடும். இதுக்கு நேர் எதிரா ஐடிவியை, அதான் வண்டிக்கு அவங்க வைக்கிற மதிப்பை, இறக்கி வச்சு பிரீமியம் கம்மி மாதிரி காட்டுறதும் நடக்குது. நாலரை லட்சம் வண்டியை 3,90,000னு போட்டா பிரீமியம் சில நூறு இறங்கும், வண்டி திருடு போச்சுன்னா அறுபதாயிரம் போச்சு. ரெண்டு கம்பெனி கோட்டேஷனை ஒப்பிடும்போது ஐடிவி ஒண்ணா இருக்கான்னு பாத்துட்டுதான் மத்ததை பாக்கணும்.

ஆட்-ஆன்ல தொல்லை என்னன்னா பேக்கேஜா கட்டி விடுறது. கீ ரீப்ளேஸ்மென்ட், வண்டிக்குள்ள இருக்கிற பொருளுக்கு கவர்னு நீங்க கேக்காததெல்லாம் கோல்டு, பிளாட்டினம்னு ஒரு பேருல ஒரே தொகையா வந்து உக்காந்திருக்கும். ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி ரேட் கேட்டு வாங்குங்க, தர முடியாதுன்னா வேற பிளான் போடச் சொல்லுங்க. இன்னொண்ணு, எலக்ட்ரிகல் அக்சஸரிஸ்னு ஒரு வரி இருக்கும், அது நீங்க வெளிய மாட்டின சாமானுக்கு, வழக்கமா அதோட மதிப்புல 4% போடுவாங்க. கம்பெனிலயே மாட்டி வந்த மியூசிக் சிஸ்டம் ஏற்கனவே ஐடிவிக்குள்ள அடங்கிடும், அதை திரும்ப அந்த வரில போட்டா ரெண்டு தடவை காசு. வெளிய சிஎன்ஜி கிட் போட்டிருந்தா மட்டும் ஓடிலயும் தேர்ட் பார்ட்டிலயும் கூடுதலா வர்றது நியாயம், அதை மறைக்கவும் கூடாது, ஆர்சிலயும் ஏத்தியிருக்கணும், இல்லன்னா தீப்பிடிச்ச அன்னைக்குத்தான் வம்பு.

அந்த ஓனர் டிரைவர் 330 ரூபா இருக்கே, அது 15 லட்சத்துக்கான கட்டாய கவர். ஆனா உங்க பேருல இன்னொரு வண்டி இருந்து அந்த பாலிசில இது ஏற்கனவே இருந்தாலோ, இல்ல தனியா 15 லட்சத்துக்கு குறையாத விபத்து பாலிசி இருந்தாலோ, எழுதிக் குடுத்துட்டு இதை எடுத்துடலாம். வீட்ல பைக்கும் காரும் ஒரே ஆள் பேருல வச்சுக்கிட்டு ரெண்டுலயும் வருஷா வருஷம் கட்டிட்டு இருக்கிறவங்களை தினமும் பாக்குறேன்.

ஜிஎஸ்டிக்கு வருவோம். எல்லா கழிவும் போயி, எல்லா ஆட்-ஆனும் கூடி, தேர்ட் பார்ட்டியும் சேர்ந்து வர்ற நெட் பிரீமியத்துக்கு 18%. ஆமா, தேர்ட் பார்ட்டிக்கும் உண்டு, ஆட்-ஆனுக்கும் உண்டு. போனஸ் கழிக்கிறதுக்கு முன்னாடி தொகைக்கு போட்டா தப்பு, உங்க கணக்குல அப்படி போட்டிருந்தா 2,100க்கு 18%, 378 ரூபா வீணா போயிருக்கும். செக் பண்ண நேர்வழி, கடைசி தொகையை 1.18ஆல வகுங்க, நெட் பிரீமியம் வரணும்: 11,854 வகுத்தல் 1.18, 10,046 வருது. ஒரு ரூபா முன்ன பின்ன ரவுண்டிங்ல போகும், அதுக்கு மேல வித்தியாசம்னா எங்கயோ சர்வீஸ் சார்ஜ்னு ஏதோ சொருகியிருக்காங்க. சிஜிஎஸ்டி 9, எஸ்ஜிஎஸ்டி 9னு பிரிச்சு போட்டிருந்தா பயப்படாதீங்க, ரெண்டும் சேர்ந்ததுதான் அந்த 18. 2025 செப்டம்பர் 22ல இருந்து இன்சூரன்ஸுக்கு ஜிஎஸ்டி இல்லையேன்னு நிறைய பேரு வாதம் பண்றாங்க, அது தனிநபர் லைஃப், ஹெல்த் பாலிசிக்கு, காருக்கு அந்த சலுகை வரல.

ஆன்லைன்ல ஆட்-ஆன் டிக் பண்ணும்போது ஒரு விஷயம், பக்கத்துல 1,800னு காட்டும், ஆனா டிக் பண்ணா மொத்தம் 2,124 ஏறும். அது ஜிஎஸ்டி சேர்ந்ததுதான், மோசடி இல்ல.

கடைசியா, உங்களுக்கு ஒருத்தர் 35க்கு பதிலா 45% போட்டு கம்மியா கோட்டேஷன் குடுத்தா வாங்கிக்காதீங்க. 6,000ல 10% 600, ஜிஎஸ்டியோட 708 ரூபா மிச்சம் மாதிரி தெரியும், பிசினஸ் பிடிக்க சில பேரு இதை செய்றாங்க. ஒரு வருஷம் கிளெய்ம் இல்லன்னா 20, அடுத்து 25, 35, 45, 50, இதுதான் படி, மூணு வருஷத்துக்கு 35 தான். கம்பெனி மாறினா புது கம்பெனி பழைய கம்பெனிகிட்ட கேட்டு உறுதி பண்ணும், பொய்யா டிக்ளேர் பண்ணினது தெரிஞ்சா ஓன் டேமேஜ் கிளெய்மையே மறுக்கலாம், ப்ரொபோசல்ல கையெழுத்து உங்களுது, ஏஜென்ட்டோடது இல்ல. நடுவுல கண்ணாடி உடைஞ்சு ஜீரோ டெப்ல மாத்தினதும் கிளெய்ம் தான், என்சிபி ப்ரொடெக்ட் எடுத்திருந்தா தவிர போனஸ் பூஜ்யத்துக்குப் போயிடும். அப்புறம் பாலிசி முடிஞ்சு 90 நாள் தாண்டிட்டா இந்த 35ம் போயிடும், கோட்டேஷன் சண்டையில தேதியை விட்டுடாதீங்க.