500ஆ 750ஆ? மிக்ஸி பத்தி வந்த நாலு கேள்வி

அண்ணா, நாங்க கொழிஞ்சாம்பாறை பக்கம், வீட்ல அஞ்சு பேரு. தெனமும் தேங்கா அரைக்கணும், வாரத்துல ரெண்டு தடவ இட்லி மாவு. 500 வாட்ஸ் போதுமா? 750 எடுத்தா கரண்ட் பில்லு ஏறுமா?

தேங்கா, சட்னி மட்டும்னா 500 போதுங்க்கா, மாவும் மிக்ஸிலதான்னா 750 எடுங்க. நெறைய பேரு வாட்ஸுன்னா ஸ்பீடுன்னு நெனக்கறாங்க, காலியா ஓடவிட்டு பாத்தா ரெண்டும் ஏறக்குறைய ஒரே வேகத்துலதான் சுத்தும், கட்டி மாவு பிளேடுல மாட்டும்போதுதான் வித்தியாசம் தெரியும். 500 அங்க திணறி மெதுவாகும், மெதுவாக மெதுவாக கரண்ட அதிகமா இழுக்கும், சூடாகும். மோட்டார குளிர வைக்கற ஃபேனும் அதே ஷாஃப்ட்லதான் இருக்கு, அதுவும் சேந்து மெதுவாயிரும். அதாவது காத்து ரொம்ப வேணுங்கற நேரத்துல காத்து கொறையுது.

பில்லுக்கு பயப்படாதீங்க, 750 வாட்ஸ் தெனமும் 20 நிமிஷம் ஓடினா கால் யூனிட், மாசத்துக்கு ஏழரை யூனிட்டுதான்.

புது 750 மிக்ஸிங்க, மாவு அரைக்கறப்ப பாதில நின்னுருது. கம்பெனி ஃபால்ட்டா?

பெரும்பாலும் இல்லீங்க. போன மாசம் கோவிந்தாபுரத்துலருந்து ஒரு அக்கா இதே கம்ப்ளைண்டோட வந்தாங்க, எப்படி அரைக்கறீங்கன்னு கேட்டா ஒன்றரை லிட்டர் ஜார்ல கழுத்து வரைக்கும் அரிசி, தண்ணி ரெண்டு ஸ்பூன், நிறுத்தாம பத்து நிமிஷம்! அடில செவப்பா ஒரு பட்டன் இருக்கும் பாருங்க, ஓவர்லோடு சுவிட்ச், அது வெளிய வந்திருந்துச்சு. மிக்ஸி தன்னத்தானே காப்பாத்திக்கிச்சு, அவ்ளோதான்.

அவங்களுக்கு கணக்கு போட்டு குடுத்தேன். அரிசி 600 கிராம், உளுந்து 150 கிராம். ஊறின அரிசி முக்கால் கிலோவுக்கு மேல வரும், அத மூணா பிரிச்சு, ஒவ்வொரு தடவையும் அரை டம்ளர் தண்ணியோட ஜார் பாதிக்கு மேல போகாம போடணும். உளுந்து ஊறி உப்பும், அத ரெண்டு தடவையா. ஆக மொத்தம் அஞ்சு ஈடு, ஒண்ணுக்கு ரெண்டு மூணு நிமிஷம், நடுவுல ரெண்டு நிமிஷம் ரெஸ்ட். மொத கொஞ்ச நேரம் பல்ஸ்ல விட்டு விட்டு ஓட்டி அரிசி ஒடஞ்சதும் ஸ்பீடு ஏத்துங்க. உளுந்துக்கு ஃப்ரிட்ஜ் தண்ணி ஊத்துங்க, மாவு சூடாயிட்டா இட்லி கல்லு மாதிரிதான் வரும். நிறைய மிக்ஸி லேபிள்ல 30 நிமிஷம்னு போட்டிருக்கும், அது இப்படி விட்டு விட்டு ஓட்டறதுக்கு, ஒரே மூச்சுல ஓட்டறதுக்கு இல்ல.

நின்னுட்டா பிளக்க புடுங்கிட்டு ஜார்ல பாதிய வெளிய எடுத்துட்டு, மோட்டார் ஆறின பெறகு பட்டன அமுக்குங்க. ஒடனே ஒடனே அமுக்காதீங்க. தொழிலுக்கு வந்த புதுசுல எங்க வீட்டு மிக்ஸில நானே அப்படி அமுக்கி அமுக்கி மோட்டாருக்குள்ள சுத்தற ஆர்மேச்சர எரிச்சிருக்கேன், வார்னிஷ் கருகற நாத்தம் ரெண்டு நாளு சமையக்கட்ட விட்டு போகல, அம்மா பேசுன பேச்சு அதுக்கு மேல.

மாசாமாசம் கல்யாண வீட்டு கணக்கா மாவாட்டுறவங்களுக்கு மிக்ஸி வேண்டாம், கிரைண்டர் வாங்கிருங்க.

மொளகூட்டலுக்கு தேங்கா அரைச்சா திப்பி திப்பியா நிக்குது. பிளேடு மொண்ணையா?

எந்த ஜார்ல போடறீங்க தம்பி? அரை மூடி தேங்காய பெரிய ஜார்ல போட்டா பிளேடு ஒரு சுத்து சுத்தினதுமே தேங்கா செவுத்துல அப்பிரும், அப்புறம் பிளேடு சும்மா காத்துல சுத்தும். சின்ன சட்னி ஜார் எடுங்க, ஜீரகம் மொளகாய மொதல்ல ஒரு சுத்து, அப்பறம் தேங்கா, வெதுவெதுப்பான தண்ணி கொஞ்சம், நடுவுல ஒரு தடவ நிறுத்தி வழிச்சு விடுங்க. அவியலுக்குன்னா தண்ணியில்லாம பல்ஸ்ல நாலு தட்டு போதும்.

மல்லி, மொளகா பொடிக்கு நடு ஜார், வறுத்தத நல்லா ஆற விட்டுட்டுதான். முழு மஞ்சள மட்டும் மிக்ஸில போடாதீங்க, மில்லுக்கு குடுத்துருங்க, பிளேடு வளைஞ்சு வந்த ஜாருங்க எங்கிட்ட நெறைய இருக்கு.

ஜார் அடியில கருப்பா தண்ணி கசியுது, சாப்பாட்டுல கலக்குமா?

கலக்கலாம், அந்த ஜார நிறுத்திருங்க. பிளக் போடாம பிளேட புடிச்சு பக்கவாட்டுல ஆட்டிப்பாருங்க, லொடலொடன்னா ஷாஃப்ட ஆடாம புடிச்சிருக்கற புஷ்ஷு தேஞ்சிருச்சு, தண்ணி எறங்காம தடுக்கற சீலும் போயிருச்சு. ரெண்டையும் சேத்து மாத்துங்க, சீல மட்டும் மாத்தினா ஆடற ஷாஃப்ட் புது சீலையும் அரைச்சிரும்.