அளவு ஒன்று, எடை வேறு

வணக்கம் ஐயா. பொருட்களின் படங்களுக்குப் பின்னணி நீக்கித் திருத்தித் தரும் வேலையைத் தனியாகச் செய்கிறேன். 40 பொருட்களின் படங்களை ஜேபெக், பிஎன்ஜி, டிஃப் என்று மூன்று வகையாக அனுப்பி, அளவுகளைப் பட்டியல் போட்டு மின்னஞ்சலும் எழுதினேன். வாடிக்கையாளர் இப்படிப் பதில் போட்டிருக்கிறார்: “ஒரு படம் 240 கேபி, இன்னொன்று 1.3 எம்பி, ஏன்? வெப் படங்கள் 72 டிபிஐ என்று காட்டுகிறதே, தரத்தைக் குறைத்துவிட்டீர்களா? பிஎன்ஜியில் பின்னணி கறுப்பாக வருகிறது.” முதல் மின்னஞ்சலையே எப்படி எழுதியிருக்க வேண்டும்?

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் பட்டியலில் பிழை இருந்திருக்காது. ஆனால் அவர் பட்டியலைப் பார்க்கவில்லை, கோப்பின் மேல் வலது க்ளிக் செய்து அங்கே வரும் எண்களைப் பார்த்திருக்கிறார். அந்த எண்களுக்கான விளக்கம் மின்னஞ்சலில் இருந்திருக்க வேண்டும். நான் எழுதினால் ஏறக்குறைய இப்படி எழுதுவேன்:

“40 பொருட்கள், பொருளுக்கு மூன்று கோப்புகள், மொத்தம் 120. web ஃபோல்டரில் இருப்பவை விற்பனைத் தளத்தில் ஏற்றுவதற்கு: ஜேபெக், 2000 × 2000 பிக்சல், வெள்ளைப் பின்னணி. cutout ஃபோல்டரில் இருப்பவை பேனரிலோ வேறு நிறத்தின் மேலோ வைப்பதற்கு: பிஎன்ஜி, அதே அளவு, பின்னணி கிடையாது. print ஃபோல்டரை அப்படியே அச்சகத்துக்கு அனுப்பிவிடுங்கள்: டிஃப், 3600 × 3600 பிக்சல், 12 அங்குலம் வரை தெளிவாக அச்சாகும். 27ஆம் பொருள் மட்டும் தூரத்திலிருந்து எடுக்கப்பட்டது. வெட்டியபின் 1500 பிக்சல்தான் மிஞ்சியது. அதன் மூன்று கோப்புகளும் அந்த அளவிலேயே இருக்கின்றன, அச்சில் 5 அங்குலத்துக்கு மேல் போக வேண்டாம்.”

27ஆம் பொருளைப் பற்றிய வரியை விட்டுவிடாதீர்கள். 1500 பிக்சலை 3600 ஆக ஊதிப் பெரிதாக்கிக் கொடுத்தால் எண் சரியாக இருக்கும், எழுத்தும் தையலும் மழுங்கியிருக்கும். அச்சான பிறகுதான் அது தெரியவரும்.

இதற்குக் கீழே அவருடைய மூன்று சந்தேகங்களுக்கும் ஒவ்வொரு பத்தி. முதலில் கோப்பின் எடை, அதாவது கேபி, எம்பி கணக்கு. 2000 × 2000 படத்தில் 40 லட்சம் பிக்சல், ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். சுருக்காமல் வைத்தால் எல்லாப் படமும் 12 எம்பிதான். ஜேபெக் இதைச் சுருக்கும்போது, வெள்ளைப் பீங்கான் கோப்பை போல வழவழப்பாக இருப்பதைச் சில எண்களிலேயே எழுதிவிடும். பின்னல் பையில் இழைக்கு இழை வெளிச்சம் மாறுவதால் அதே தர அமைப்பில் பல மடங்கு எழுத வேண்டியிருக்கும். “எடை வித்தியாசம் பொருளின் மேற்பரப்பால் வருவது, எல்லாவற்றுக்கும் ஒரே தரம்தான் வைத்திருக்கிறேன்” என்று எழுதினால் போதும். எல்லாம் ஒரே கேபியில் வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தால் பின்னல் பைதான் பாழாகும்.

டிபிஐ பத்தி இதைவிடச் சிறியது. அச்சில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்று கோப்புக்குள் எழுதிவைத்த ஒரு குறிப்பு அது, அவ்வளவுதான். அந்தக் குறிப்பில் 72ஐ 300 என்று மாற்றினாலும் ஒரு பிக்சல்கூட அதிகமாகாது. திரை பிக்சலை மட்டுமே பார்க்கிறது. அச்சில்தான் கணக்கு வரும்: 3600ஐ 300ஆல் வகுத்தால் 12 அங்குலம். (வெப் படங்களிலும் 300 என்று போட்டு அனுப்பினால் இந்தக் கேள்வியே எழாது. ஏமாற்று வேலை இல்லை, படம் அப்படியேதான் இருக்கும்.)

கறுப்புப் பின்னணியை மட்டும் நீங்களே ஒருமுறை சோதித்துவிடுங்கள். பின்னணி இல்லாத இடத்தைச் சில படம் பார்க்கும் செயலிகள் கறுப்பாகக் காட்டும். பிஎன்ஜியை யாராவது ஜேபெக்காக மாற்றியிருந்தால் அந்த இடம் நிஜமாகவே கறுப்பாகவோ வெள்ளையாகவோ நிரம்பியிருக்கும், ஏனென்றால் ஜேபெக்கில் வெற்றிடம் என்று ஒன்று கிடையாது. அவர் கையில் இருக்கும் கோப்பின் பெயர் .png என்று முடிகிறதா என்று கேளுங்கள். அப்படி இருந்தால், அதைத் திரையில் வேறொரு நிறப் பின்னணியின் மேல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கறுப்பு மறைந்துவிட்டால் கோப்பு சரி. பொருளைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு தெரிந்தால் அது உங்கள் வெட்டில் உள்ள குறை. விளிம்பை ஒரு பிக்சல் உள்ளே தள்ளி மறுபடி எடுத்துக் கொடுங்கள்.

டிஃப் பற்றி இன்னும் கேள்வி வரவில்லை, ஆனால் வரும். சுருக்காத கோப்பு ஒன்று சுமார் 39 எம்பி, 40 கோப்புகள் ஏறக்குறைய ஒன்றரை ஜிபி. மின்னஞ்சலில் போகாது, பதிவிறக்க லிங்க்காகத்தான் தர வேண்டும். அந்த லிங்க் எந்தத் தேதி வரை இருக்கும் என்றும், பெரும்பாலான பிரவுசர்களில் டிஃப் திறக்காது, அதனால் கோப்பு கெட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம் என்றும் இரண்டு வரி சேர்த்துவிடுங்கள்.