சிப்பாயைக் காப்பாற்றினேன், ஆட்டம் டிரா ஆகிவிட்டது

அன்புள்ள ஐயா,

சதுரங்கம் கற்றுக்கொண்டு சில மாதங்கள்தான் ஆகின்றன. என்னிடம் யானையும் ஒரு சிப்பாயும் இருந்தன. எதிராளியிடம் ராஜா மட்டும். என் ராஜா b5, யானை h1, சிப்பாய் a7. எதிரி ராஜா a8-இல் நின்று சிப்பாயை வெட்டப் பார்த்தது. அதைக் காப்பாற்ற என் ராஜாவை a6-க்கு நகர்த்தினேன். ஸ்டேல்மேட், டிரா என்றார்கள். நான் வேறு என்ன செய்திருக்க வேண்டும்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பலகையை எடுத்து அந்த நிலையை அடுக்கிப் பாருங்கள். நீங்கள் a6-க்கு வந்ததும் கறுப்பு ராஜாவுக்கு மூன்று கட்டங்கள்தான் எஞ்சுகின்றன: a7, b7, b8. முதல் இரண்டும் உங்கள் ராஜாவின் பிடியில் இருக்கின்றன. மூன்றாவதை உங்கள் சிப்பாயே தாக்குகிறது. சிப்பாய் நேராக நகர்ந்தாலும் சாய்வாகத்தானே வெட்டும்? a7 சிப்பாய் b8-ஐ அடைத்துக்கொண்டிருப்பது பலர் கண்ணில் படுவதில்லை. கறுப்பு ராஜாவுக்குச் செக் இல்லை, நகரவும் இடமில்லை; அதுதான் ஸ்டேல்மேட். b6-க்குப் போயிருந்தாலும் இதே கதைதான்.

நடு ஆட்டத்தில் ராஜா அடைபட்டாலும் வேறு காய் ஒன்று நகரும், ஆட்டம் தொடரும். தனி ராஜாவுக்கு அந்த வசதி இல்லை. உங்கள் வெற்றியைக் கெடுக்கக்கூடியவை இரண்டே: யானையை இலவசமாகக் கொடுப்பது, ஸ்டேல்மேட். ஆகவே காயில் கை வைக்குமுன் ஒரு கேள்வி போதும்: இதை நகர்த்திய பிறகு எதிரி ராஜா எந்தக் கட்டத்துக்குப் போகும்? செக் கொடுக்காத நகர்த்தல் என்றால் ஒரு கட்டமாவது உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

அந்த இடத்தில் எளிய விடை யானையை a1-க்குக் கொண்டுவருவது. அதுவும் சிப்பாயைக் காக்கிறது, ஆனால் பின்னாலிருந்து. உங்கள் ராஜா b5-இலேயே நிற்பதால் b7 திறந்திருக்கிறது. கறுப்பு ராஜா அங்கேதான் போயாக வேண்டும். நீங்கள் a8-இல் சிப்பாயை ராணியாக்கிச் செக் சொல்கிறீர்கள். யானை a1-இலிருந்து காவல் இருப்பதால் ராணியை வெட்ட முடியாது. c7-க்கு ஓடுவதைத் தவிர வழியில்லை. ராணியும் யானையும் சேர்ந்தால் மிச்ச வேலை சிறியது.

எனக்கு இதைவிடப் பிடித்தது வேறொன்று. ராஜாவை c6-க்கு நகர்த்துங்கள், சிப்பாய் போகட்டும். கறுப்பு ராஜா அதை வெட்டியே ஆக வேண்டும், வேறு நகர்த்தலே கிடையாது. இப்போது யானை h8-க்குப் போகிறது. 8-ஆம் வரிசை முழுவதும் அடைபட்டது. b6, b7 இரண்டையும் உங்கள் ராஜா பார்த்துக்கொள்கிறது. கறுப்புக்கு மிஞ்சுவது a6 மட்டும். அங்கே வந்ததும் யானை a8: செக்மேட். கடைசி மூச்சுவரை சிப்பாயைப் பிடித்துக்கொண்டிருப்பதுதான் புதியவர்களை இந்த மூலையில் மாட்டிவிடுகிறது. ராஜாவும் யானையும் மட்டுமே இருந்தாலும், சரியாக ஆடினால் எந்த நிலையிலிருந்தும் அதிகபட்சம் 16 நகர்த்தல்களில் மேட் செய்துவிடலாம். வெட்டோ சிப்பாய் நகர்த்தலோ இல்லாமல் 50 நகர்த்தல்கள் போனால் டிரா என்ற விதியின் கணக்கும் சிப்பாய் வெட்டுப்பட்டதும் புதிதாகத் தொடங்குகிறது. அவகாசம் தாராளம்.

உண்மையில் எதிரி ராஜாவை அந்த மூலைவரை வர விட்டிருக்கவே வேண்டாம். யானை ஒரு நெடுவரிசையில் நின்றால் அது சுவர். தனி ராஜாவால் தாண்ட முடியாது. வெள்ளை ராஜா h2, யானை e1, சிப்பாய் f4; கறுப்பு ராஜா d5 என்று வையுங்கள். e நெடுவரிசை மூடியிருக்கிறது. உங்கள் ராஜாவின் துணைகூட வேண்டாம், சிப்பாயைத் தள்ளிக்கொண்டே போகலாம். f5, f6, f7 என்று நீங்கள் நகர, கறுப்பு ராஜா d4, d3, d2 என்று இறங்கி வந்து யானையைத் தொடுகிறது. அவசரத்தில் உடனே ராணியாக்கினால் யானை போய்விடும். ராணியை வைத்தும் வெல்லலாம்தான், ஆனால் எதற்குக் கொடுக்க வேண்டும்? யானையை அதே நெடுவரிசையின் மறு கோடிக்கு, e8-க்கு, நகர்த்துங்கள். சுவர் அப்படியே நிற்கிறது, f8-க்கும் காவல் கிடைத்துவிட்டது. கறுப்பு ராஜா எங்கே நகர்ந்தாலும் அடுத்த நகர்த்தலில் உங்கள் சிப்பாய் ராணியாகிறது.