டெவலப்பர் "சின்ன பிழைதான்" என்கிறார், பிசினஸ் தரப்பு "இன்றைக்கே வேண்டும்" என்கிறது. சிவியரிட்டி, பிரையாரிட்டி வித்தியாசத்தை இரண்டு பேருக்கும் எப்படிப் புரிய வைப்பது?

கேள்விகளைப் பிரித்துக் கேளுங்கள். இந்தப் பிழையால் சிஸ்டத்தில் எவ்வளவு சேதம், மாற்று வழி உண்டா? இது சிவியரிட்டி, டெஸ்டரும் டெவலப்பரும் சொல்ல வேண்டியது. எந்தத் தேதிக்குள் சரியாகாவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம்? இது பிரையாரிட்டி, பிசினஸ் தரப்பு சொல்ல வேண்டியது.

பினாங்கில் ஒரு ஹோட்டலின் பில்லிங் சிஸ்டத்தில் இதை நேரில் பார்த்தேன். 2024 மார்ச் 1 முதல் சேவை வரி 6 சதவீதத்திலிருந்து 8 ஆனது. உணவு, பானம் போன்ற சில சேவைகளுக்கு 6 சதவீதமே தொடர்ந்தது. பிப்ரவரி டெஸ்டிங்கில் 300 ரிங்கிட் அறைக்கு வரி 24 ரிங்கிட் என்று சரியாகவே வந்தது. ஆனால் பில்லில் பக்கத்திலேயே "6%" என்று அச்சானது.

கணக்கு சரி, எழுத்துதான் தப்பு என்பதால் சிவியரிட்டியைக் குறைவாகப் போட்டேன். ஹோட்டலின் கணக்குப் பிரிவு மேலாளர், "கிரிட்டிக்கல்னு மாத்துங்க தம்பி, அப்பத்தான் கவனிப்பாங்க" என்றார். மாற்றவில்லை. "அக்கா, எந்தத் தேதிக்குள் வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்" என்றேன். பிப்ரவரி 29 இரவுக்குள் என்றார். மறுநாள் காலையிலிருந்து செக் அவுட் செய்யும் ஒவ்வொரு விருந்தினரும் கவுண்டரில் கேள்வி கேட்பார்களே. சரி, பிரையாரிட்டி உச்சத்துக்குப் போனது.

அந்த வரிக்கணக்கே 6 சதவீதத்தில் நின்றிருந்தால் சிவியரிட்டியும் ஏறியிருக்கும், ஏனென்றால் வசூலிக்காத வரி ஹோட்டலின் தலையில் விழும். மாறாக, இதே எழுத்துப் பிழையை முந்தைய நவம்பரில் கண்டுபிடித்திருந்தால் சிவியரிட்டி மாறாது, பிரையாரிட்டி மட்டும் குறைந்திருக்கும்.

அப்புறம், சிவியரிட்டி குறைவு என்றால் வேலையும் குறைவு என்று டெவலப்பர்கள் நினைப்பதுண்டு. இங்கே "6%" டெம்ப்ளேட்டில் நேரடியாக எழுதப்பட்டிருந்தது. அதை "8%" என்று மாற்றினால், அதே பில்லில் வரும் உணவகக் கட்டணத்தின் விகிதம் தப்பாகிவிடும். ஒவ்வொரு கட்டணமும் தன் வரி விகிதத்தைத் தானே எடுக்கும்படி மாற்றி, அறையும் உணவும் கலந்த பில்லைச் சோதிக்க வேண்டியிருந்தது. வேலையின் அளவு மூன்றாவது விஷயம். அதைத் தனியாகக் கேளுங்கள்.

ஜிராவில் பிரையாரிட்டி தானாகவே இருக்கும், சிவியரிட்டியை நாம்தான் சேர்க்க வேண்டும். சேர்த்த பிறகும் எல்லா டிக்கெட்டிலும் இரண்டும் ஒரே அளவில் இருந்தால், யாரோ ஒன்றைப் பார்த்து மற்றதை நிரப்புகிறார்கள் என்று அர்த்தம்.

அதே பட்டியலில் இன்னொரு பிழையும் இருந்தது: முழு ஆண்டு அறிக்கையைக் கேட்டால் புரோகிராம் நின்றுவிடும். சிவியரிட்டி அதிகம். ஆனால் ஜனவரியில்தான் அது தேவை, மாதவாரியாக எடுத்துச் சேர்க்கவும் முடியும் என்பதால் பிரையாரிட்டி குறைவு. இப்படித் தள்ளிவைக்கும் டிக்கெட்டில் மறுபடி பார்க்க வேண்டிய தேதியையும் எழுதுங்கள். நாங்கள் டிசம்பர் 1 என்று போட்டோம்.