மினிமம் பேலன்ஸ் எப்படிக் கணக்காகிறது?

"மாதக் கடைசியில் பணம் போட்டுவிட்டேன், அப்புறமும் ஏன் அபராதம் பிடித்தார்கள்? பிரீமியம் கணக்குக்கு மாறலாமா?"

பல வங்கிகள் பார்ப்பது கடைசி நாள் இருப்பை அல்ல, மாதச் சராசரியை. தினமும் நாள் முடிவில் இருக்கும் தொகையைக் கூட்டி, நாட்களால் வகுப்பார்கள். வகுப்பு வருகைப் பதிவு மாதிரிதான். கடைசி நாள் மட்டும் வந்தால் சதவீதம் ஏறாது.

வரம்பு 10,000 என்று வைத்துக்கொள்வோம். 29 நாள் 9,000 வைத்து, 30ஆம் நாள் 10,000 ஆக்கினால் சராசரி 9,033தான். ஆனால் 60,000 ஐந்தே நாள் இருந்து, மற்ற நாளெல்லாம் பூஜ்யமாக இருந்தாலும் சராசரி சரியாக 10,000.

கணக்கைப் பராமரிக்க வங்கிக்குச் செலவு உண்டு. உங்கள் இருப்பைக் கடன் கொடுத்து வரும் வட்டியில் அதை ஈடுகட்டுகிறது. இலவசப் பரிவர்த்தனைக்கு எண்ணிக்கை வைப்பதும் இதனால்தான்: வேறு வங்கி ஏடிஎம்மில் நீங்கள் பணம் எடுத்தால், உங்கள் வங்கி அந்த வங்கிக்குக் கட்டணம் தரவேண்டும். சில இடங்களில் இருப்பைப் பார்ப்பதும் அந்த எண்ணிக்கையில் சேரும்.

பிரீமியத்தில் இலவச முறைகள் கூடும், கார்டு வரம்பு உயரும், லாக்கர் வாடகையில் சலுகை கிடைக்கலாம். ஆனால் சராசரி வரம்பும் பல மடங்காகும். மாதாமாதம் இலவச எண்ணிக்கையைத் தாண்டிக் கட்டணம் கட்டுபவருக்கே அது லாபம் என்பது என் கருத்து.

மினிமம் பேலன்ஸ் பூட்டி வைத்த பணம் என்று பலர் நினைக்கிறார்கள்; அப்படியில்லை, தேவைப்படும்போது முழுவதையும் எடுக்கலாம், சராசரி குறைந்தால்தான் கட்டணம்.