போனை மகளிடம் கொடுக்காதீர்கள்

கேள்வி: அக்கா, நான் பாரிஸ் புறநகரில் எலெக்ட்ரிசியன். ஒரு வயதான பிரெஞ்சு அம்மா வீட்டில் வாசிங் மெசின் போட்டுப் பத்து நிமிடத்தில் கரண்ட் விழுகிறது. மெசினின் ஹீட்டரில் கரண்ட் லீக். பிரெஞ்சில் சொல்ல வராததால் வழக்கம்போல 12 வயது மகளுக்குப் போன் எடுத்துக் கொடுத்தேன். அந்த அம்மா மெசினுக்குக் கீழே பார்த்துவிட்டு, தண்ணீர் ஒன்றும் இல்லையே, வீட்டுக் கரண்ட் போர்டை மாற்றுங்கள் என்கிறார். எனக்கு வேலை தெரியாது என்றே நினைக்கிறார். எப்படி விளங்கப்படுத்துவது?

பதில்: தம்பி, ‘வழக்கம்போல’ என்று எழுதியிருக்கிறீர்களே, முதலில் அதைக் கதைப்போம். இதே கடிதம் பைப் வேலை செய்பவர்களிடமிருந்தும் கராஜ்காரரிடமிருந்தும் எனக்கு வந்திருக்கிறது. எல்லாவற்றிலும் ஒரு பிள்ளை போனில் நிற்கிறது.

உங்கள் மகளுக்கு ஹீட்டர் எங்கே இருக்கிறது என்று தெரியுமா? நீங்கள் ‘லீக்’ என்றீர்கள். அவள் ‘ஃப்யூயித்’ என்று சொல்லியிருப்பாள். பிள்ளையில் பிழை இல்லை. ஆனால் வாசிங் மெசினில் ‘ஃப்யூயித்’ என்றால் எந்தப் பிரெஞ்சுக்காரருக்கும் தண்ணீர் ஒழுகுவதுதான் ஞாபகம் வரும். அதனால்தான் அந்த அம்மா குனிந்து பார்த்தார். தரை காய்ந்து கிடந்தது. உங்களுக்கு வேலை தெரியாது என்று நினைத்தார். நாளைக்கு அவர் அந்த மெசினைத் தொட்டு ஏதாவது நடந்தால், “நான் சரியாகச் சொல்லவில்லையோ” என்று அந்தப் பிள்ளை காலம் முழுக்க நினைக்கும். அப்பாவின் வேலைப் பொறுப்பைப் பிள்ளையின் தலையில் வைப்பது தவறு. எங்கள் ஆட்கள் இதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்கிறார்கள்.

சரி, இப்போது வேலைக்கு வருவோம். அந்த அம்மாவுக்குச் சொல்லாமல் முதலில் காட்டுங்கள். போர்டில், கரண்ட் லீக் ஆனால் தானாக வெட்டும் ஸ்விட்சான 30 மில்லி ஆம்பியர் டிஃபெரான்சியலின் டெஸ்ட் பட்டனை அழுத்தி, அது ஒழுங்காக விழுகிறதா என்று பாருங்கள். பிறகு மெசினின் பிளக்கைக் கழற்றிவிட்டு ஸ்விட்சை மேலே தூக்குங்கள். லைட், பிரிட்ஜ் எல்லாம் வேலை செய்யும், கரண்ட் விழாது. இதை அவர் தன் கண்ணால் பார்க்க வேண்டும். போர்டில் பழுதில்லை என்பதற்கு அதைவிட வேறு பேச்சு வேண்டாம். கரண்டை வெட்டும் பொருள்தான் பழுது என்று எல்லோரும் நினைப்பது வழக்கம், அவரைக் குறை சொல்ல முடியாது.

பத்து நிமிடம் என்பதையும் அவர் கவனித்திருப்பார். மெசின் தண்ணீர் எடுக்கும்போது ஒன்றும் நடக்காது. சூடாக்கத் தொடங்கும்போதுதான் ஹீட்டருக்குக் கரண்ட் போகிறது. அதன் உறை வெடித்து ஈரம் உள்ளே போயிருந்தால் கரண்ட் உலோகத்துக்கு வந்துவிடும். இரண்டு முனைக்கும் நடுவே அளந்தால் 2000 வாட் ஹீட்டர் 26 ஓம் என்று நல்லதாகவே காட்டும். முனைக்கும் மெசினின் உடலுக்கும் நடுவே 500 வோல்ட்டில் இன்சுலேஷன் சோதித்தால்தான் பழுது தெரியும். அந்த எண்களை உங்கள் பில்லில் எழுதுங்கள். அம்மாவிடம் ஒரு எண்ணும் சொல்ல வேண்டாம்.

அவரிடம் சொல்ல ஐந்து வாக்கியம் போதும். “வோத்ர் தாப்லோ மார்ஷ் பியன்”, அதாவது உங்கள் போர்டு நன்றாக வேலை செய்கிறது. “லு ப்ரொப்ளெம், செ லா மஷின்”, பிரச்சினை மெசினில். “கான் எல் ஷோஃப் லோ, து கூரான் பாஸ் தான் லு மெத்தால்”, தண்ணீரைச் சூடாக்கும்போது உலோகத்துக்குக் கரண்ட் வருகிறது. “லு தாப்லோ கூப் பூர் வூ ப்ரொதெஜே”, உங்களைக் காப்பாற்றத்தான் போர்டு வெட்டுகிறது. கடைசியாக, “நு லா ப்ரான்ஷே பா”, அதைப் பிளக்கில் போடாதீர்கள். சொல்லும்போது போர்டையும் மெசினையும் விரலால் காட்டுங்கள். ‘இன்சுலேஷன்’, ‘ஃப்யூயித்’ இரண்டும் உங்கள் வாயில் வரக்கூடாது.

அவர் விழாத ஸ்விட்ச் ஒன்று போடச் சொன்னாலும் செய்யாதீர்கள். பிரான்சில் வீட்டு வயரிங்குக்கு 30 மில்லி ஆம்பியர் பாதுகாப்பு கட்டாயம். காசு தருகிறார் என்று அதை எடுத்துவிட்டால் உயிர் போகலாம்.

மகளிடம் கேட்க ஒன்று இருக்கிறது. இரவு சாப்பாட்டு மேசையில் இந்த ஐந்து வாக்கியத்தையும் அவளுக்குச் சொல்லிக் காட்டுங்கள், உச்சரிப்பைத் திருத்தட்டும். வீட்டில் அப்பாவுக்குச் சொல்லிக்கொடுப்பது அவளுக்கும் சந்தோஷம். விடிந்ததும் அந்த அம்மாவுக்கு நீங்களே போன் எடுத்து, வருகிறேன் என்று சொல்லி நேரில் போய்க் காட்டுங்கள், அவர் வேறொருவரைக் கூப்பிட்டு நல்ல போர்டைக் கழற்ற முன்னர்.