லெவல் எல்லாம் போட்டிருந்தும் ஸ்டாக் ஏன் தீர்ந்துபோகிறது?

கேள்வி: ஸ்டோர்ஸில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். ரீஆர்டர் லெவல், மினிமம் ஸ்டாக், சேஃப்டி ஸ்டாக் மூன்றும் ஒன்றா, வேறு வேறா? எல்லா ஐட்டத்துக்கும் லெவல் போட்டு வைத்திருக்கிறார்கள். அப்படியும் அடிக்கடி ஸ்டாக் இல்லாமல் போகிறது. ஏன்?

ஒரே ஒரு ஐட்டத்தை வைத்துப் பார்த்துவிடலாம். ஒரு பேரிங் என்று வையுங்கள். வாரத்துக்குச் சாதாரணமாக 50 செலவாகும், வேலை அதிகமான வாரத்தில் 70 வரை போகும். வாங்கச் சொல்லி இன்டென்ட் போட்ட நாளிலிருந்து சரக்கு ரேக்குக்கு வந்து சேர வழக்கமாக 4 வாரம், இழுத்தடித்தால் 6 வாரம். இதுதான் லீட் டைம்.

காஸ்டிங் பாடத்தில் சொல்லித்தரும் கணக்குப்படி, அதிகபட்சச் செலவை அதிகபட்ச லீட் டைமால் பெருக்கினால் ரீஆர்டர் லெவல்: 70 × 6 = 420. அதிலிருந்து சாதாரண லீட் டைமில் சாதாரணமாகச் செலவாவதைக் கழித்தால் மினிமம் லெவல்: 420 − (50 × 4) = 220. அந்த 220தான் உங்கள் சேஃப்டி ஸ்டாக்கும். எல்லாம் வழக்கம்போல நடந்தால் புதுச் சரக்கு வரும் நேரத்தில் ரேக்கில் மிச்சமிருப்பது அது. செலவும் உச்சத்துக்குப் போய், சப்ளையரும் 6 வாரம் இழுத்தால், சரக்கு வரும்போது ரேக் சரியாகக் காலியாகியிருக்கும். ஆகவே பெயர் மூன்று, எண் இரண்டு. சேஃப்டி ஸ்டாக்கைத் தனியாக முடிவு செய்து, சராசரிச் செலவோடு கூட்டி ரீஆர்டர் லெவலுக்கு வருகிறவர்களும் உண்டு. விலை அதிகமான ஐட்டங்களுக்கு அந்த வழிதான் நல்லது, ஏனென்றால் உச்சத்தை உச்சத்தால் பெருக்கும்போது பணம் நிறைய முடங்கும்.

மினிமம் ஸ்டாக்கைத் தொடவே கூடாது என்று பல ஸ்டோர்ஸில் ஒரு பழக்கம் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அது செலவழிக்கத்தான் இருக்கிறது. இருப்பு 220க்கு வந்த பிறகும் சரக்கு வரவில்லை என்றால், உள்ளே இருப்பதைப் பூட்டிவைக்க வேண்டாம், சப்ளையருக்கு போன் போடுங்கள். அந்த எண்ணின் வேலை அவ்வளவுதான். புதிதாக வாங்கச் சொல்லும் எண் 420 மட்டுமே.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. லெவல் என்பது கார்டில் எழுதிய ஓர் எண். அதை எந்த இருப்போடு ஒப்பிடுகிறீர்கள் என்பதில்தான் பெரும்பாலான சிக்கல் கிடக்கிறது. ரேக்கில் தொங்கும் பின் கார்டில் வரவு, பற்று, இருப்பு மட்டும்தான் இருக்கும். ஸ்டோர்ஸ் லெட்ஜரில் இன்னும் இரண்டு பத்திகள் இருக்க வேண்டும்: ஆர்டர் போட்டு வர வேண்டியது, ஏதாவது ஒரு வேலைக்காக ஒதுக்கிவைத்தது. ஒப்பிட வேண்டியது இதைத்தான்:

கையிருப்பு + வர வேண்டியது − ஒதுக்கியது

பின் கார்டில் பேரிங் இருப்பு 440 என்று வையுங்கள். 420க்கு மேலே இருக்கிறது, அவசரமில்லை என்று தோன்றும். ஆனால் அடுத்த வாரம் எடுக்கப்போகும் ஒரு ஜாபுக்கு 120 ஒதுக்கியாகிவிட்டது. எடுக்கவில்லை, அதனால் கார்டில் தெரியவில்லை. உண்மையான இருப்பு 320. இன்டென்ட் ஏற்கெனவே போயிருக்க வேண்டும், நீங்கள் 100 பேரிங் அளவுக்குத் தாமதம். இதே நேரத்தில் 300க்கு ஓர் ஆர்டர் நிலுவையில் இருந்தால் கணக்கு 620 ஆகிறது. இப்போது இன்டென்ட் போட்டால் தேவையில்லாத சரக்கு வந்து குவியும். ரேக்கில் இருப்பது மாறவே இல்லை, முடிவு மட்டும் தலைகீழாகிவிட்டது.

இன்னொரு சூழலில் இது இன்னும் மோசமாகும். ஒரு தடவைக்கு 150தான் வாங்குகிறீர்கள் என்றால், சரக்கு வந்து இறங்கிய அன்றுகூட ரேக் இருப்பு 370 அளவில்தான் நிற்கும். 420ஐ அது தொடவே தொடாது. ரேக்கை மட்டும் பார்ப்பவருக்கு எல்லா நாளும் இன்டென்ட் போடும் நாள்தான். அவரும் சலித்துப்போய் லெவலைப் பார்ப்பதையே விட்டுவிடுவார். இரண்டு பெட்டி முறை, அதாவது முதல் பெட்டி காலியானால் இன்டென்ட் போட்டு இரண்டாவதை எடுக்கும் முறை, இங்கே வேலை செய்யாததற்கும் இதுதான் காரணம். ஒரு நேரத்தில் ஓர் ஆர்டர் மட்டும் நிலுவையில் இருக்கும் ஐட்டங்களுக்குத்தான் அது பொருந்தும். நட்டு, போல்ட்டு போன்றவற்றுக்கு அருமையான முறை.

அடுத்தது தேதிகள். பர்ச்சேஸ் ஆட்களிடம் லீட் டைம் கேட்டால் ஆர்டர் அனுப்பியதிலிருந்து வண்டி கேட்டுக்கு வரும் வரை சொல்வார்கள். உங்களுக்கு வேண்டியது அதுவல்ல. இருப்பு லெவலுக்கு வந்த நாளில் தொடங்கி, இன்டென்டில் கையெழுத்து வாங்கி, கொட்டேஷன், ஆர்டர், சப்ளை, சரக்கு வந்ததைப் பதியும் ஜி.ஆர்.என்., இன்ஸ்பெக்‌ஷன் எல்லாம் முடிந்து, சரக்கை இஷ்யூ பண்ணலாம் என்ற நாள் வரைக்கும் எண்ண வேண்டும். இன்ஸ்பெக்‌ஷன் முடியாத சரக்கைக் கையிருப்பில் சேர்த்துவிட்டால், ரிஜெக்ட் ஆகும் அன்று இருப்பு திடீரென்று சரியும்.

இஷ்யூ ஸ்லிப்பை எப்போது பதிகிறார்கள் என்றும் பாருங்கள். வாரக் கடைசியில் மொத்தமாகப் பதியும் வழக்கம் இருந்தால், செவ்வாய்க்கிழமை லெவலுக்கு வந்தது சனிக்கிழமைதான் தெரியும். மோசமான பட்சத்தில் ஒரு வாரம் முழுக்கக் கண் மூடியிருக்கிறீர்கள். அந்த ஒரு வாரத்தையும் லீட் டைமில் சேர்த்து 70 × 7 = 490 என்று லெவலை உயர்த்துங்கள், இல்லாவிட்டால் அன்றன்றைக்குப் பதியச் சொல்லுங்கள். இரண்டாவதுக்குச் செலவு குறைவு. கூடவே, பின் கார்டில் லெவல் தாண்டிய வரிக்கு எதிரேயே இன்டென்ட் எண்ணையும் தேதியையும் எழுதிவிடுங்கள். ஷிஃப்ட் மாறி வருபவர் இன்னொரு இன்டென்ட் போட மாட்டார், எத்தனை நாள் தூங்கியது என்பதும் பிறகு தெரியும்.

லெவல் சரியா என்று பார்க்க ஃபார்முலாவை மறுபடி போட வேண்டாம். பழைய பின் கார்டுகளை எடுத்து, ஒவ்வொரு வரவு வரிக்கும் நேர் மேலே இருக்கும் இருப்பை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். சரக்கு வருவதற்கு முன் எவ்வளவு தாழ்ந்தது என்பது அது. நம் பேரிங்கில் அந்த எண்கள் 220க்கு அக்கம்பக்கத்தில், கொஞ்சம் மேலும் கொஞ்சம் கீழுமாக இருந்தால் லெவல் சரி. எப்போதுமே 300க்கு மேல் என்றால் அதிகமாக வைத்திருக்கிறீர்கள். பூஜ்யத்தை ஒட்டியே இருந்தால் உடனே லெவலை ஏற்றாதீர்கள். முதலில் இன்டென்ட் தேதியைப் பாருங்கள், அது 420இல் போயிருக்கிறதா, 330இல் போயிருக்கிறதா என்று. 330இல் போயிருந்தால் எண்ணில் குறையில்லை, பதிவில் குறை. ஆனால் ஒரே இஷ்யூவில் 80, 90 என்று எடுக்கும் ஐட்டமாக இருந்தால், 425இலிருந்து ஒரே தாவலில் 335க்கு வந்துவிடும், அதற்கு யாரும் பொறுப்பில்லை. அப்படிப்பட்டவற்றுக்கு மட்டும், வழக்கமான இஷ்யூ அளவில் பாதியை லெவலோடு கூட்டி வைத்துக்கொள்ளுங்கள்.